ஓடியவர்கள் ஏமாற்றவில்லை

1192-இல் தராயின் களத்தில் பிருதிவிராஜ் சௌகான் ஏன் தோற்றார் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. அவர் நேர்மையாகப் போரிட்டார், முகம்மது கோரி வஞ்சகம் செய்தார். துருக்கிய வில்லாளர்கள் தோற்று ஓடுவதுபோல் நடித்தார்கள், ராஜபுத்திரர்கள் நம்பித் துரத்திப் போய்ச் சிக்கிக்கொண்டார்கள், தில்லி கைவிட்டுப் போனது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் இதை ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறார். மேடைப் பேச்சாளர் அதையே அரை மணி நேரத்துக்கு நீட்டுகிறார்.

இந்தக் கருத்தை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. போருக்கு முன் கோரி சமாதானம் பேசுவதுபோல் காலம் கடத்தினார் என்று வரலாற்றாசிரியர் பிரிஷ்தா எழுதுகிறார். பாசறையில் இரவெல்லாம் தீயை எரியவிட்டு, படையை வேறு வழியில் நடத்திச் சென்று, விடியலில் தாக்கியதாகவும் ஒரு செய்தி உண்டு. ஏமாற்று வேலைகள் நடந்திருக்கின்றன. அதோடு, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட பெருஞ்சேரலாதனின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு, வேண்டுமென்றே புறமுதுகு காட்டும் படையைப் பார்த்தால் முதலில் வருவது அருவருப்புதான். அதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் கருத்து ஒரு பெரிய அனுமானத்தின்மேல் நிற்கிறது. பொய்ப் பின்வாங்கல் என்பது ஒரு பொய், அதை நம்புகிறவன் இருந்தால்தான் அது பலிக்கும் என்பதே அந்த அனுமானம். விழித்துக்கொண்டவனிடம் அது பலிக்காது என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். என் மறுப்பு முழுவதும் இந்த இடத்தைப் பற்றியது. அதைச் சோதிக்கத் தராயினைவிடத் தோதான களம் ஒன்று, இன்றைய தில்லி மாநகரத்தை ஒட்டியே இருக்கிறது. அது 1299-இல் போர் நடந்த கீலி.

ஒன்று. இந்த உத்தி யாருக்குத்தான் தெரியாமல் இருந்தது?

மத்திய ஆசியாவின் மங்கோலிய அரசான சகதாய் அரசிலிருந்து அதன் ஆட்சியாளர் துவாவின் மகன் குத்லுக் குவாஜா படையெடுத்து வந்தபோது, எதிரே நின்றது அலாவுதீன் கில்ஜியின் தில்லிப் படை. அதன் தளபதிகள் துருக்கிய, ஆப்கானிய மரபில் வந்தவர்கள். பின்வாங்கித் திரும்பி அடிக்கும் போர்முறை அவர்களுடைய பாட்டன்மார் கையாண்டது. தராயினில் கோரி செய்ததை மின்ஹாஜ் என்ற வரலாற்றாசிரியர் தில்லி அரசவையிலேயே இருந்து, 1260 வாக்கில், மறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் மேலாக, அன்று தில்லிப் படையில் முன்னே பாய்ந்த ஜஃபர் கான் மங்கோலியர்களுக்குப் புதியவர் அல்ல. அதற்குச் சற்று முன்புதான் சிந்துவின் சீவிஸ்தான் கோட்டையில் இருந்த மங்கோலியப் படையை முறியடித்து, அதன் தலைவனைச் சிறைபிடித்துத் தில்லிக்கு அனுப்பியிருந்தார்.

இனி என்ன நடந்தது என்று பார்ப்போம். இரு படைகளும் கீலியில் எதிரெதிரே நின்றன. தன் உத்தரவில்லாமல் எந்தத் தளபதியும் இடம்விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் தலை போகும் என்று அலாவுதீன் ஆணையிட்டிருந்தார். ஜஃபர் கான் அதை மீறித் தம் எதிரே இருந்த மங்கோலியப் பிரிவின்மேல் பாய்ந்தார். அந்தப் பிரிவு உடைந்து ஓடியது. அவர் துரத்தினார். 18 குரோ தூரம் துரத்தியதாக வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரனி எழுதுகிறார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தில்லியிலிருந்து சோனிபட் போகும் தூரத்தைவிட அதிகம். காலாட்கள் பின்தங்கினார்கள். பிறகு குதிரைகளும் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. கடைசியில் அவரோடு எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் என்கிறார் இன்னொரு வரலாற்றாசிரியரான இசாமி. அந்த நேரத்தில் தர்கி என்ற மங்கோலியத் தளபதி பதுங்கியிருந்த இடத்திலிருந்து தம் தூமானோடு வெளிப்பட்டு அவரைச் சூழ்ந்தார். தூமான் என்றால் பத்தாயிரம் பேர் கொண்ட பிரிவு.

ஜஃபர் கானுக்குத் தருமயுத்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எதிரியை அறியாத அப்பாவியும் அல்ல. அவரும் அதே முறையில்தான் வீழ்ந்தார். ஆகவே 'தெரியாததால் ஏமாந்தார்கள்' என்ற விளக்கம் கீலியில் செல்லாது. இங்கே செல்லாத விளக்கத்தைத் தராயினுக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும். அப்படி ஒன்றை இதுவரை யாரும் சொல்லவில்லை.

இரண்டு. நம்பினால்தான் பலிக்கும் என்பதே தவறு.

கனத்த படையின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். எதிரே குதிரையேறிய வில்லாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்த குட்டையான கூட்டு வில். அதைச் சேணத்தில் இருந்தபடியே இரு பக்கமும் திருப்பலாம், இடுப்பை முறுக்கிப் பின்னாலும் எய்யலாம். இருநூறு அடி, முந்நூறு அடியில் வந்து எய்துவிட்டு விலகிவிடுகிறார்கள். அடுத்த வரிசை வருகிறது. கவசம் போட்ட வீரனுக்கு அம்பு படுவது குறைவு. ஆனால் அவன் குதிரையின் மார்பும் கழுத்தும் கவசத்துக்கு வெளியே இருக்கின்றன. யானைக்கு ஒரே நாளில் நூறு அம்பு தைத்தாலும் அது சாகாமல் இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் திரும்பும் என்று பாகனாலும் சொல்ல முடியாது.

இந்த நிலையில் தளபதிக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. நின்றால், திருப்பி அடிக்க முடியாமலே குதிரைகளை இழந்துகொண்டிருக்க வேண்டும். பாய்ந்தால், வில்லாளர்கள் விலகுவார்கள், அவரது வரிசை நீளும். ஓடுகிறவர்கள் நிஜமாகத்தான் ஓடுகிறார்கள் என்று அவர் நம்பத் தேவையே இல்லை. நடிப்பு என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும் பாய்வதே மேல் என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டிவரும். அது முட்டாள்தனம் அல்ல, நின்று சாவதைவிட நல்ல கணக்கு.

மின்ஹாஜ் விவரிக்கும் தராயின் இதைத்தான் காட்டுகிறது. கோரி தம் நடுப்படையையும் கொடிகளையும் மூட்டை முடிச்சுகளையும் சில கல் தொலைவில் விட்டுவிட்டு, இலகுவான ஆயுதம் தாங்கிய பத்தாயிரம் குதிரை வில்லாளர்களை நான்கு பிரிவாக்கி நான்கு திசைக்கும் அனுப்பினார். அவர்களுக்கு இட்ட கட்டளை: எல்லாப் பக்கத்திலிருந்தும் எய்யுங்கள், யானையும் குதிரையும் காலாளும் உங்களை நோக்கி வந்தால் முதுகைக் காட்டி, ஒரு குதிரையோட்டத் தூரம் முன்னே விலகியே இருங்கள். இதில் பதுங்கல் இல்லை, பொறி இல்லை, நாடகமும் இல்லை. பட்டப்பகலில், கண்ணெதிரே, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும்தான். மூன்றாவது முறை விலகும்போது அதை உண்மையான தோல்வி என்று எந்த ராஜபுத்திர வீரனும் நம்பியிருக்க முடியாது. எதிரியின் குதிரைகள் களைத்த பிறகு கோரி புதுக் குதிரைகளோடு காத்திருந்த படையை இறக்கினார். பிருதிவிராஜின் தில்லித் தலைவரான கோவிந்தராஜ் அன்று களத்தில் இறந்தார். முந்தைய ஆண்டு கோரியின் ஈட்டி உடைத்த இரண்டு பற்களைக் கொண்டு அவர் தலையை அடையாளம் கண்டார்கள்.

மூன்று. கணக்கு குதிரையில் இருக்கிறது, குணத்தில் இல்லை.

கவசமும் கனத்த ஆயுதமும் தாங்கிய வீரனைச் சுமந்து ஒரு குதிரை முழுப் பாய்ச்சலில் சில கிலோமீட்டர்தான் போகும். பிறகு மூச்சு வாங்கும், வேகம் குறையும், இழுத்தாலும் திரும்பாது. புல்வெளிக்காரன் அப்படி ஒரு குதிரையை நம்பி வருவதில்லை. மங்கோலிய வீரன் மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து குதிரைகளோடு வருவான். அவை குள்ளமானவை, பார்க்க அழகில்லாதவை. பனியைக் குளம்பால் கிளறி அடியில் உள்ள புல்லைத் தின்று வளர்ந்தவை. ஒன்று களைத்தால் அடுத்ததில் தாவிவிடுவான்.

இந்தியாவில் அந்த வசதி இல்லை. நல்ல குதிரை வளர அகன்ற புல்வெளி வேண்டும். கங்கைச் சமவெளியில் அப்படிப்பட்ட நிலம் ஏர் பிடித்த நிலமாக மாறிவிட்டது. தெற்கே நிலைமை இன்னும் மோசம். பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரைகளைக் கடல் வழியே வாங்கினார் என்றும், தட்பவெப்பத்தாலும் பராமரிப்புத் தெரியாமையாலும் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். காயலில் வந்திறங்கிய ஒவ்வொரு குதிரைக்கும் பொன்னாகக் கொடுத்தார்கள். அப்படி வாங்கிய ஒற்றைக் குதிரையில் ஏறியவன், ஐந்து குதிரைக்காரனைத் துரத்துகிறான். எத்தனை வீரம் இருந்தாலும் இருபதாவது கிலோமீட்டரில் யார் குதிரை நிற்கும் என்பதில் சந்தேகம் கிடையாது.

ஜஃபர் கான் 55 கிலோமீட்டர் துரத்தினார் என்பதை வீரத்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 55 கிலோமீட்டர் துரத்தப்பட்ட ஒரு பிரிவு சிதறாமல், பிடிபடாமல் போயிருக்கிறது. அவர்கள் குதிரை மாற்றியிருப்பார்கள், இவர்கள் மாற்றவில்லை.

நான்கு. அது பொய்யா மெய்யா என்ற கேள்விக்கே அவ்வளவு எடை இல்லை.

அன்று ஜஃபர் கானுக்கு முன் ஓடிய மங்கோலியர் நடித்தார்களா, நிஜமாகவே உடைந்தார்களா என்று நூல்களை வைத்து உறுதி செய்ய முடியாது. இசாமியின் கணக்கில் அன்று ஐயாயிரம் மங்கோலியர் செத்தார்கள். நடிப்புக்காக ஐயாயிரம் பேரைப் பலி கொடுக்கும் தளபதி இருப்பாரா? அதனால் தொடக்கத்தில் அது உண்மையான பின்வாங்கலாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் முடிவு மாறவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

உடைந்த படைக்கும் விலகும் படைக்கும் வேறுபாடு ஓட்டத்தில் தெரியாது. ஓடுகிறவர்கள் எப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதில் தெரியும். மங்கோலியப் படை பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடுக்கப்பட்டது. பத்துப் பேரில் ஒருவன் தனியே தப்பி ஓடினால் மற்றவர்களுக்கும் தண்டனை. அதனால் ஓடும்போதும் பத்துப் பேர் பத்துப் பேராகவே ஓடுவார்கள், திரும்பும்போதும் அப்படியே திரும்புவார்கள். உண்மையில் உடைந்த படை ஆளாளுக்கு ஒரு திசையில் போகும், வில்லையும் அம்பறாத்தூணியையும் வழியில் எறியும். துரத்துகிறவன் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடிந்தால் பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிவது கடைசி வரிசையின் முதுகும் ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பிய புழுதியும் மட்டுமே.

பரனி சொல்லும் ஒரு சிறு செய்தியை இங்கே வைக்க வேண்டும். தர்கியின் ஆட்கள் மரத்தின்மேல் ஏறிப் பார்த்தார்களாம். ஜஃபர் கானுக்குப் பின்னால் துணைப்படை எதுவும் வரவில்லை என்பதைக் கண்ட பிறகே இறங்கி வந்து வளைத்தார்களாம். அவர் நம்பினாரா என்பது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. அவருக்கும் அடுத்த தில்லிப் பிரிவுக்கும் நடுவே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைத்தான் அளந்தார்கள். இந்த உத்தியின் குறி அந்த இடைவெளிதான். மனத்தை ஏமாற்றுவது இதில் உபரி.

ஐந்து. துரோகம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

நேர்மைக் கதை கீலிக்குப் பொருந்தாது என்று காட்டியதும், அதே ஆட்கள் வேறொரு பதிலோடு வருவார்கள். சுல்தானின் தம்பி உலுக் கானுக்கு ஜஃபர் கான்மேல் பொறாமை, அதனால் உதவிக்குப் போகவில்லை என்று. பரனியே அப்படித்தான் எழுதுகிறார். பொறாமை இருந்திருக்கலாம். சுல்தானுக்கும் ஜஃபர் கானின் புகழ் உறுத்தியது என்பதும் பரனியின் குறிப்பில் உண்டு. ஆனால் உலுக் கான் பின்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தில்லிப் படையின் இரண்டு பெரும் பிரிவுகள் களத்தைவிட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போயிருக்கும். மங்கோலியரின் நடுப்படை அசையாமல் கீலியிலேயே நிற்கிறது. அதற்கும் தலைநகருக்கும் இடையே சுல்தானின் நடுவணி மட்டும் மிஞ்சியிருக்கும். உலுக் கான் எந்த எண்ணத்தில் நின்றாரோ, நின்றது சரி. நகரக் கூடாது என்ற ஆணையைக் கடைப்பிடித்தவரைத் துரோகி என்றும், மீறியவரை மாவீரன் என்றும் பேசுவதில்தான், அன்றைய போர் எதைப் பற்றியது என்பது தவறிப்போகிறது.

ஜஃபர் கானின் முடிவு கம்பீரமானது. குதிரை விழுந்த பிறகு தரையில் நின்று அம்பெய்தார். தம் பக்கம் வந்தால் தில்லி சுல்தானைவிட மேலான நிலை தருவதாக குத்லுக் குவாஜா சொல்லி அனுப்பினார். இவர் மறுத்தார், கொல்லப்பட்டார். அதன் பிறகும் மங்கோலியர் தில்லியைத் தாக்காமல் திரும்பிவிட்டார்கள். குத்லுக் குவாஜா திரும்பும் வழியில் இறந்தார். அவரைப் பின்வாங்க வைத்தது ஜஃபர் கானின் பாய்ச்சல்தானா, அசையாமல் நின்ற சுல்தானின் நடுவணியா என்று வாதாடலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

ஆறு. அப்படியானால் இதற்கு மாற்றே இல்லையா?

உண்டு, அது தில்லியிலேயே நிரூபிக்கப்பட்டது. இந்த உத்திக்கு எல்லைகள் உண்டு. 1303-இல் தர்கி மீண்டும் வந்தார். அலாவுதீன் சித்தூரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார், படை களைத்திருந்தது, குதிரைகள் குறைந்திருந்தன. மங்கோலியர் யமுனைத் துறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். உதவிக்கு வந்த மாகாணப் படைகள் கோல், பரன் பகுதிகளிலேயே நின்றுவிட்டன. அவை இன்றைய அலிகர், புலந்த்ஷகர். தில்லிக்குள் தானியம் வருவது நின்றது. இந்த முறை சுல்தான் களத்துக்கு வரவேயில்லை. இன்று ஷாப்பூர் ஜாட், ஆசிய விளையாட்டுக் கிராமம் இருக்கும் சீரிப் பகுதியில் முகாமிட்டு, சுற்றிலும் அகழி வெட்டி, வீட்டுக் கதவுகளைப் பிடுங்கி மரவேலி போட்டு, பிரிவுக்குப் பிரிவு யானைகளை நிறுத்திக் காத்திருந்தார். தர்கி வந்து வந்து பார்த்தார். துரத்தி வர யாரும் இல்லை. இரண்டு மாதம் போல் இருந்துவிட்டுத் திரும்பினார்.

ஏன் திரும்பினார் என்பதற்கும் குதிரையே விடை சொல்லும். இருபதாயிரம் பேர், ஆளுக்கு மூன்று குதிரை என்று குறைத்தே வைத்தாலும் அறுபதாயிரம் குதிரைகள். ஒன்றுக்கு நாளைக்கு எட்டுக் கிலோ உலர்புல் என்றால் தினம் 480 டன். யமுனைக் கரையில் எத்தனை வயலை மேய்த்தாலும் அது வாரங்களுக்குத்தான் தாங்கும். ஓடிக்கொண்டே இருக்கும் படையால் ஓரிடத்தில் நிற்க முடியாது. அசையாத எதிரி அதற்குச் சரியான மருந்து, ஆனால் கசப்பானது. அந்த இரண்டு மாதமும் நகரத்து மக்கள் கொடுத்த விலை அதிகம்.

தர்கி போன பிறகு அலாவுதீன் செய்ததைப் பார்த்தால், நம் மேடைப் பேச்சாளர்களைவிட அவர் தெளிவாக இருந்தது தெரியும். எதிரியின் வஞ்சகத்தைப் பற்றி அவர் புலம்பவில்லை. குதிரைகளுக்குச் சூடு போட்டுப் பதிவு செய்யும் முறையைக் கண்டிப்பாக்கினார், நல்ல குதிரையைக் காட்டிவிட்டுப் போருக்கு நோஞ்சானைக் கொண்டுவரும் மோசடி அதனால் அடங்கியது. முதல்தரக் குதிரைக்கு 100 முதல் 120 தங்கா என்று சந்தையில் விலையைக் கட்டினார், குதிரைத் தரகர்களை ஒடுக்கினார். குதிரை வீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா சம்பளம், இரண்டாவது குதிரை வைத்திருந்தால் கூடுதலாக 78. அந்த 78 தங்காவில் கீலியின் பாடம் முழுவதும் இருக்கிறது. தானிய விலைக் கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் வீரன் குடும்பம் நடத்த முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று பரனி வெளிப்படையாகச் சொல்கிறார்.

1305-இல் அலி பேக், தர்தாக் இருவரும் மங்கோலியப் படையோடு வந்து, தில்லியைத் தாண்டிக் கொள்ளையடித்துக்கொண்டே அம்ரோகா வரை போனார்கள். அவர்களை மறிக்க அலாவுதீன் அனுப்பிய மாலிக் நாயக், அரசுக் குதிரை லாயங்களின் பொறுப்பாளர்களில் ஒருவர். கொள்ளைச் சுமை ஏறிய படையால் பழையபடி விலக முடியவில்லை. அலி பேக்கும் தர்தாக்கும் உயிரோடு பிடிபட்டார்கள். செத்தவர்களின் குதிரைகள் இருபதாயிரம், சுல்தானின் லாயத்தில் சேர்க்கப்பட்டன என்று பரனி கணக்குத் தருகிறார்.